அட்டவணை ‘சரி’ என்றாலும் காத்திருக்க வேண்டும்: தரவுத்தளப் பூட்டுகள் ஓர் அறிமுகம்

தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒரே தொகுதியாக நடக்க வேண்டிய வேலை, பூட்டு கேட்டுக் காத்திருக்கிறது. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. கணினிக்குச் சுமையும் இல்லை. அதே பதிவை நாடி வரும் மற்ற பரிவர்த்தனைகள் வருகின்றன, வேலையை முடிக்கின்றன, போகின்றன. இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பூட்டு விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாலும் ஒன்றுகூட மீறப்படவில்லை.

பூட்டுகளைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த நிலையைத்தான். பாடங்களில் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய அட்டவணையைத் தருவார்கள். அதை மனப்பாடம் செய்தால் பூட்டுகள் புரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் எந்தப் பூட்டோடு எந்தப் பூட்டு ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை மட்டுமே அட்டவணை சொல்கிறது. காத்திருப்பவர்களில் அடுத்து யார் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

இரண்டு பூட்டுகள், நான்கு கட்டங்கள்

அரங்க இருக்கைகளை விற்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். `shows` என்ற தரவு அட்டவணையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பதிவு. 7-ஆம் காட்சியில் மீதமுள்ள இருக்கைகள் 40. இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் 40 என்று படித்து, இரண்டும் ஒன்றைக் கழித்து 39 என்று எழுதினால், இரண்டு இருக்கைகள் விற்ற பிறகும் கணக்கில் ஒன்றுதான் குறைந்திருக்கும். இதைத் தடுக்கத்தான் பூட்டு.

படிக்க மட்டும் விரும்பும் பரிவர்த்தனை பகிர்வுப் பூட்டைக் கேட்கும். மாற்றி எழுத விரும்புவது தனிப் பூட்டைக் கேட்கும். பாடநூல்களில் இவற்றை முறையே `S`, `X` என்று குறிப்பார்கள். எத்தனை பேர் படித்தாலும் பதிவு மாறாது என்பதால் பகிர்வுப் பூட்டைப் பலர் ஒன்றாக வைத்திருக்கலாம். ஒருவர் எழுதும்போது வேறு யாரும் எழுதவும் கூடாது, பாதி எழுதியதைப் படிக்கவும் கூடாது என்பதால் தனிப் பூட்டு ஒருவருக்கு மட்டுமே.

| இருப்பது ↓ / கேட்பது → | பகிர்வு | தனி |
|---|---|---|
| பகிர்வு | சரி | காத்திரு |
| தனி | காத்திரு | காத்திரு |

இதுதான் பூட்டுப் பொருத்த அட்டவணை. இதை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இடப்பக்கம் உள்ள பூட்டும் மேலே உள்ள பூட்டும் வெவ்வேறு பரிவர்த்தனைகளுடையவை. ஒரு பரிவர்த்தனை தன் பூட்டோடு தானே மோதாது. பூட்டு மேம்படுத்தலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

தரவுத்தளத்துக்குள் பூட்டு மேலாளர் என்ற பகுதி இதையெல்லாம் கவனிக்கிறது. பூட்டப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் அது நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கும். யார் கேட்டார்கள், எந்த வகை, கொடுத்தாயிற்றா இல்லை காத்திருக்கிறார்களா என்பவை அதில் இருக்கும். வாங்கிய பூட்டைப் பரிவர்த்தனை முடியும்வரை வைத்திருப்பதே வழக்கம். ஆகவே மூன்று விநாடி ஓடும் பரிவர்த்தனை, பூட்டையும் ஏறக்குறைய மூன்று விநாடி பிடித்திருக்கும்.

பட்டினி எப்படி வருகிறது

7-ஆம் காட்சியின் பதிவுக்கு வருவோம். படிப்பவர்கள் இரண்டு விநாடிக்கு ஒருவராக வருகிறார்கள் என்றும், ஒவ்வொருவரும் மூன்று விநாடி பகிர்வுப் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்றும் கொள்வோம். பூட்டு மேலாளருக்குப் பொருத்த அட்டவணையைத் தவிர வேறு விதி எதுவும் தெரியாது.

0-ஆவது விநாடியில் ப1 என்ற பரிவர்த்தனை பகிர்வுப் பூட்டை வாங்குகிறது. அது 3-ஆவது விநாடிவரை வைத்திருக்கும். 1-ஆவது விநாடியில் ப2 வருகிறது. அது இருக்கை ஒன்றை விற்க வேண்டும், எனவே தனிப் பூட்டு கேட்கிறது. ப1 இருப்பதால் காத்திருக்கிறது. 2-ஆவது விநாடியில் ப3 பகிர்வுப் பூட்டு கேட்கிறது. பிடித்திருப்பது ப1-இன் பகிர்வுப் பூட்டு, கேட்பதும் பகிர்வு. அட்டவணை ‘சரி’ என்கிறது, உடனே கொடுத்துவிடுகிறார்கள், 5-ஆவது விநாடிவரை. 3-இல் ப1 விலகும்போது ப3 உள்ளே இருக்கிறது. 4-இல் ப4 நுழைகிறது, 5-இல் ப3 விலகுகிறது. 6-இல் ப5 நுழைகிறது, 7-இல் ப4 விலகுகிறது.

ஒவ்வொரு முறையும் பழையவர் விலகுவதற்கு ஒரு விநாடி முன்னால் புதியவர் நுழைந்துவிடுகிறார். பதிவின் மேல் பகிர்வுப் பூட்டே இல்லாத ஒரு கணம்கூட வாய்க்கவில்லை. ப2 கேட்டதோ அப்படி ஒரு கணத்தைத்தான். படிப்பவர்கள் இப்படியே வந்துகொண்டிருந்தால் ப2-க்கு முறை வரவே வராது. இந்த முடிவில்லாத காத்திருப்பைத்தான் பட்டினி என்கிறோம். ஒரு நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் ஒருவரோ இருவரோதான் என்பதையும் கவனியுங்கள். பெரும் நெரிசல் இல்லாமலே பட்டினி வந்துவிடும்.

இது டெட்லாக் அல்ல. டெட்லாக்கில் இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து வட்டமாக மாட்டிக்கொள்ளும். அந்த வட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி தரவுத்தளங்களில் உண்டு. இங்கே ப2 மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறதே தவிர, ப2-க்காக யாரும் காத்திருக்கவில்லை. வட்டம் இல்லாததால் தேடும் கருவிக்கு எதுவும் சிக்காது.

இதற்கான மருந்து ஒரே ஒரு விதிதான். பூட்டு கேட்டவுடன் அட்டவணையை மட்டும் பார்க்காமல் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இப்போது பூட்டை வைத்திருப்பவர்களோடு இது பொருந்துகிறதா? இதற்கு முன்னால் கேட்டு இன்னும் காத்திருப்பவர் யாராவது உண்டா? முதல் பதில் ‘ஆம்’, இரண்டாவது பதில் ‘இல்லை’ என்றால் மட்டுமே பூட்டு.

அதே நிகழ்ச்சியை இந்த விதியோடு ஓட்டிப் பாருங்கள். 2-ஆவது விநாடியில் ப3 வருகிறது. அட்டவணை ‘சரி’ என்றாலும் ப2 முன்னால் நிற்பதால் ப3 காத்திருக்கிறது. 3-இல் ப1 விலக, ப2 தனிப் பூட்டை வாங்கி ஒரு விநாடியில் வேலையை முடிக்கிறது. 4-இல் ப3 பூட்டை வாங்குகிறது. அதே கணத்தில் வரும் ப4-க்கு முன்னால் இப்போது யாரும் காத்திருக்கவில்லை, அதற்கும் உடனே கிடைக்கிறது. மொத்த இழப்பு, ப3 காத்த இரண்டு விநாடி. அதற்கு ஈடாக, முடிவே இல்லாதிருந்த ப2-இன் காத்திருப்பு இரண்டு விநாடியில் தீர்ந்துவிட்டது.

நியாயத்துக்குக் கொடுக்கும் விலை

மேலே ப1 மூன்று விநாடியில் விலகியதால் கதை சுகமாக முடிந்தது. ப1 நாற்பது நிமிடம் ஓடும் ஓர் அறிக்கை என்றால் என்ன ஆகும்?

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் தரவு அட்டவணை அளவிலும் பூட்டுகள் உண்டு. சாதாரண `SELECT` அட்டவணையின் மேல் `ACCESS SHARE` என்ற மிக மென்மையான பூட்டை வாங்கும். `ALTER TABLE`-இன் பல வடிவங்கள் `ACCESS EXCLUSIVE` கேட்கும். அது எதோடும் பொருந்தாது. நீண்ட அறிக்கை ஒன்று `shows` அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் புது நெடுவரிசை சேர்க்க `ALTER TABLE` கொடுக்கிறார். அது காத்திருக்கிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு `SELECT`-உம், அறிக்கையோடு முழுக்கப் பொருந்தினாலும், காத்திருக்கும் `ALTER`-க்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. நெடுவரிசை சேர்க்கும் வேலை சில மில்லி விநாடிதான். ஆனால் அது தொடங்கும்வரை மொத்த அட்டவணையும் புதிதாக வரும் யாருக்கும் எட்டாது.

இந்த நிலைக்கு வந்தவர்கள் முதலில் `ALTER` தான் நேரம் எடுக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது இன்னும் தொடங்கவே இல்லை. அதை இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்:

```sql
SELECT pid, mode, granted, pg_blocking_pids(pid)
FROM pg_locks
WHERE relation = 'shows'::regclass;
```

`granted` என்ற இடத்தில் `ALTER`-க்கு `f` இருக்கும், அதாவது பூட்டு இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தடுப்பவராக அறிக்கையின் `pid` எண் வரும். காத்திருக்கும் `SELECT`-களைத் தடுப்பவராக `ALTER`-இன் எண் வரும். கையில் பூட்டே இல்லாத ஒன்று எப்படித் தடுக்கும் என்று குழம்ப வேண்டாம். பூட்டை வைத்திருப்பவரால் வரும் தடையையும், வரிசையில் முன்னால் நிற்பவரால் வரும் தடையையும் `pg_blocking_pids` சேர்த்தே காட்டும். இரண்டாவது வகைத் தடை, நாம் மேலே சேர்த்த விதியின் நேரடி விளைவு.

தப்பிக்கும் வழி எளிது. `ALTER` கொடுக்கும் முன் `SET lock_timeout = '2s';` என்று எழுதினால், இரண்டு விநாடியில் பூட்டு கிடைக்காவிட்டால் அது பிழையோடு விலகிவிடும், பின்னால் நிற்பவர்கள் நகர்வார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம்.

பகிர்விலிருந்து தனிக்கு

பதிவைப் படித்துப் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டுமா என்பது பலமுறை தெரியவரும். அப்போது கையில் உள்ள பகிர்வுப் பூட்டை விடாமல் அதைத் தனிப் பூட்டாக உயர்த்தக் கேட்கலாம். இதைத்தான் பூட்டு மேம்படுத்தல் என்கிறோம். விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டால் இடையில் வேறொருவர் எழுதிவிடுவார், நாம் படித்த எண் பழசாகிவிடும். அதனால்தான் விடாமல் உயர்த்துவது.

எப்போது கொடுக்கலாம்? அந்தப் பதிவின் மேல் கேட்பவரின் பூட்டைத் தவிர வேறு யாருடைய பூட்டும் இல்லாதபோது. தன் பூட்டோடு தானே மோதுவதில்லை என்று முன்பு சொன்னது இங்கே வேலை செய்கிறது.

இப்போது வரிசை விதியையும் இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ப1-இடம் பகிர்வுப் பூட்டு. ப2 தனிப் பூட்டுக்காக வரிசையில். ப1 தன் பூட்டை உயர்த்தக் கேட்கிறது. முன்னால் கேட்டவருக்கே முன்னுரிமை என்றால் ப1, ப2-க்குப் பின்னால் நிற்க வேண்டும். ப2-ஓ ப1 தன் பகிர்வுப் பூட்டை விடுவதற்காக நிற்கிறது. வட்டம் மூடிவிட்டது, டெட்லாக். பட்டினியைப் போக்கக் கொண்டுவந்த விதியே இங்கே முட்டுக்கட்டையை உண்டாக்குகிறது.

ஆகவே விதிக்கு ஒரு விலக்கு தேவை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் பூட்டை உயர்த்தக் கேட்டால் காத்திருப்பவர்களைத் தாண்டி முன்னால் நிறுத்த வேண்டும். இது சலுகை இல்லை, ப1 முடியாமல் ப2-க்கு எப்படியும் வழி கிடையாது. போஸ்ட்கிரஸ் இதைத்தான் செய்கிறது. காத்திருக்கும் ஒருவரின் கோரிக்கை நம் கையில் உள்ள பூட்டோடு மோதினால் நம்மை அவருக்கு முன்னால் வைக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் பூட்டுகளைப் பட்டியலிட்டால், புதிதாகக் காத்திருப்பவருக்கு `WAIT` என்றும், உயர்த்தக் காத்திருப்பவருக்கு `CONVERT` என்றும் தனித்தனியே காட்டும். இந்த விலக்கு எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மைஎஸ்க்யூஎல் 5.7 கையேடு டெட்லாக்குக்குத் தரும் எடுத்துக்காட்டே இதுதான்: ஒருவரிடம் பகிர்வுப் பூட்டு, மற்றவர் தனிப் பூட்டுக்குக் காத்திருக்கிறார், முதல்வர் உயர்த்தக் கேட்டதும் டெட்லாக்.

இருவரும் உயர்த்தக் கேட்டால்

விலக்கு இருந்தாலும் தீராத நிலை ஒன்று உண்டு. ப1, ப2 இரண்டிடமும் பகிர்வுப் பூட்டு இருக்க, இரண்டுமே உயர்த்தக் கேட்டால், ஒன்று விலகட்டும் என்று மற்றது நிற்கும். எந்த வரிசை விதியாலும் இதை அவிழ்க்க முடியாது. ஒன்றைப் பலி கொடுத்தே, அதாவது பாதியில் ரத்து செய்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் இது வரும் விதம் பலரை ஏமாற்றிவிடும். இன்றைய போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு இயந்திரத்திலும் சாதாரண `SELECT` பதிவுப் பூட்டு எதையும் வாங்குவதில்லை, பழைய பதிப்பைப் படித்துக்கொள்ளும். ‘பகிர்வுப் பூட்டு கேட்கும் `FOR SHARE`-ஐ நான் எழுதவே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பார்கள். கீழே உள்ளதைப் பாருங்கள். `tickets.show_id` என்பது `shows.id`-ஐச் சுட்டும் அயல் திறவுகோல்.

```sql
BEGIN;
INSERT INTO tickets (show_id, seat) VALUES (7, 'A12');
UPDATE shows SET seats = seats - 1 WHERE id = 7;
COMMIT;
```

`INSERT` நடக்கும்போது 7-ஆம் காட்சி உண்மையில் இருக்கிறதா என்று இன்னோடிபி சரிபார்க்கும். சரிபார்த்தபின் யாரும் அதை அழித்துவிடாதபடி அந்தக் காட்சிப் பதிவின் மேல் பகிர்வுப் பூட்டு போடும். அடுத்த வரியில் வரும் `UPDATE` அதே பதிவுக்குத் தனிப் பூட்டு கேட்கும். அதாவது இரண்டு வரிகளுக்கு நடுவில் நாம் எழுதாத ஒரு மேம்படுத்தல் ஒளிந்திருக்கிறது. ஒரே காட்சிக்கு இருவர் ஒரே நேரத்தில் சீட்டு வாங்கினால், இருவரின் `INSERT`-உம் தடையின்றி நடக்கும், பகிர்வும் பகிர்வும் பொருந்தும் அல்லவா. பிறகு முதல்வரின் `UPDATE` நிற்கும். இரண்டாமவரின் `UPDATE` வந்தவுடன் அவர்களில் ஒருவருக்கு இது வரும்:

```
ERROR 1213 (40001): Deadlock found when trying to get lock; try restarting transaction
```

`SHOW ENGINE INNODB STATUS` கொடுத்து, `LATEST DETECTED DEADLOCK` பகுதியைப் படியுங்கள். இரண்டு பரிவர்த்தனைகளும் `shows` அட்டவணையின் ஒரே பதிவில் நின்று, தனிப் பூட்டுக்குக் காத்திருந்தால் இந்த நோய்தான் என்று சந்தேகிக்கலாம்.

தீர்வு இரண்டு வரிகளையும் இடம் மாற்றுவது. `UPDATE` முதலில் வந்தால் தனிப் பூட்டு தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். இரண்டாமவர் வெறுங்கையோடு காத்திருப்பார், அவரிடம் எதுவும் இல்லாததால் வட்டம் உருவாகாது. பிறகு எழுதப்போகிறோம் என்று தெரிந்த பதிவை, தொடக்கத்திலேயே தனிப் பூட்டு வாங்கும் `SELECT ... FOR UPDATE` கொண்டு படிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். போஸ்ட்கிரஸ் இந்தக் குறிப்பிட்ட சிக்கலை 2013-இல் வந்த 9.3 பதிப்பில் வேறு விதமாகத் தீர்த்தது. அயல் திறவுகோல் சோதனைக்கென `FOR KEY SHARE` என்ற இன்னும் மென்மையான பூட்டைக் கொண்டுவந்தார்கள். திறவுகோலைத் தொடாத `UPDATE` அதோடு மோதாது. பொருத்த அட்டவணையை விரித்தே இந்த டெட்லாக்கை நீக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

இடைப்பட்ட மூன்றாவது பூட்டு

‘இப்போது படிக்கிறேன், பிறகு எழுதக்கூடும்’ என்று முன்கூட்டியே அறிவிக்க எஸ்க்யூஎல் சர்வரில் `U` என்ற புதுப்பிப்புப் பூட்டு உண்டு. அது பகிர்வுப் பூட்டோடு பொருந்தும், இன்னொரு புதுப்பிப்புப் பூட்டோடு பொருந்தாது. எழுதும் எண்ணம் உள்ள இருவரில் ஒருவர்தான் உள்ளே வர முடியும் என்பதால் இருவரும் ஒருசேர உயர்த்தக் கேட்கும் நிலை எழாது. அவர் உயர்த்தக் கேட்கும்வரை, படிக்க மட்டும் வந்தவர்கள் அவரோடு இருக்கலாம்.

இங்கே பட்டினி மறுபடி எட்டிப்பார்க்கிறது. புதுப்பிப்புப் பூட்டு வைத்திருப்பவர் தனிப் பூட்டுக்கு உயர வேண்டுமானால் படிப்பவர்கள் எல்லோரும் விலக வேண்டும். புதிய படிப்பாளிகளை விட்டுக்கொண்டே இருந்தால் நம் ப2-இன் கதைதான். அதனால் சில வடிவமைப்புகளில் அட்டவணையையே சாய்வாக அமைப்பார்கள்:

| இருப்பது ↓ / கேட்பது → | பகிர்வு | புதுப்பிப்பு | தனி |
|---|---|---|---|
| பகிர்வு | சரி | சரி | காத்திரு |
| புதுப்பிப்பு | காத்திரு | காத்திரு | காத்திரு |
| தனி | காத்திரு | காத்திரு | காத்திரு |

பகிர்வு முன்னால் இருந்தால் புதுப்பிப்பு உள்ளே வரலாம். புதுப்பிப்பு வந்துவிட்டால் அதன் பிறகு பகிர்வுக்கு இடமில்லை. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்துப் போவார்கள், புதியவர் நுழையாததால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகும். வரிசையில் யார் முன்னால் என்ற விதி செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை இங்கே அட்டவணையே செய்கிறது. அட்டவணை இருபுறமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

பட்டினிக்கு இன்னொரு வாசலும் உண்டு. டெட்லாக்கில் பலியாகும் பரிவர்த்தனை மறுபடி தொடங்கும். குறைவாக வேலை செய்ததையே பலியிடுவது என்று வைத்தால், இப்போதுதான் மறுபடி தொடங்கியது எப்போதும் குறைவாகவே செய்திருக்கும், எனவே மீண்டும் அதுவே பலியாகலாம். இதைத் தவிர்க்க, பலியைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்கு முன் எத்தனை முறை பலியானது என்பதையும் கணக்கில் சேர்ப்பார்கள். வயதை வைத்து முடிவெடுக்கும் முறைகளில், மறுபடி தொடங்கும் பரிவர்த்தனைக்குப் புது நேரக்குறி தராமல் பழையதையே விட்டுவைப்பார்கள். ஒவ்வொரு தோல்வியிலும் அதன் வயது கூடும், ஒருநாள் அதுவே எல்லோரிலும் மூத்ததாகிவிடும், மூத்ததை யாரும் பலியிட மாட்டார்கள்.